ஆடித் தள்ளுபடி விற்பனை: காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டுச் சேலைகள்

ஆடி முதல் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை, இருப்பில் உள்ள காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டுச் சேலைகள் 20 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கும். ஒவ்வொரு சேலையும் சில்க் மார்க் முத்திரையுடன் வரும்.

வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்காக நெய்து, விற்றது போக எஞ்சிய சேலைகளையே ஆடியில் விலை குறைத்துத் தருகிறோம். ஆடியில் பலரும் திருமணம் வைப்பதில்லை என்பதால் கடையில் கூட்டம் குறைந்தாலும் தறி நிற்பதில்லை. ஆவணிக்கான புதுச் சேலைகள் வந்து சேருவதற்குள் அலமாரியில் இடம் வேண்டியிருக்கிறது என்பதே இத்தள்ளுபடிக்கு உண்மையான காரணம். ஆகவே, ஆனி முடிவதற்குள் தறியிலிருந்து இறங்கிய சேலைகளுக்கு மட்டுமே தள்ளுபடி உண்டு, ஆடியில் இறங்குபவற்றுக்கு இல்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் அடித்துக் காட்டப்படும் விலை, ஆனி மாதத்தில் அதே சேலையை நாங்கள் விற்ற விலையேயன்றி, தள்ளுபடிக்காக உயர்த்தி எழுதியது அன்று.

உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடையைப் பயன்படுத்தி, இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இன்னொருவர் துணையும் கூடுதல் நாட்களும் தேவைப்படுவதால், மற்றவற்றைவிட அதன் விலை கூடுதலாகவே இருக்கும். வெள்ளி இழையில் பொன் முலாம் பூசிய அசல் சரிகையா, செம்பு இழையாலான டெஸ்டட் சரிகையா என்பது ஒவ்வொரு சேலைக்கும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். விலையைப் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரே நிறத்தில் ஒரே ஒரு சேலை மட்டும் இருப்பதும் உண்டு. அது விற்றவுடன் படம் நீக்கப்படும்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வாங்குவோர், ரவிக்கை தைக்கவும் குஞ்சம் கட்டவும் நாள் வேண்டும் என்பதால், ஆடிப்பெருக்குக்குள், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதிக்குள், பதிவு செய்துவிட வேண்டுகிறோம். தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7 ஆண்டுதோறும் ஆடிக்குள்ளேயே வருவதால், அன்று ஒரு நாள் மட்டும் கோர்வைச் சேலைகளுக்குத் தள்ளுபடி 25 சதவீதமாகும்.

சேலை பிடிக்காவிட்டால், கையில் கிடைத்த 7 நாட்களுக்குள், மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பலாம். ஃபால்ஸ் தைத்த சேலையையும், ரவிக்கைத் துணி வெட்டப்பட்ட சேலையையும் திரும்பப் பெற இயலாது. தள்ளுபடிச் சேலை என்பதற்காக இவ்விதியில் எதுவும் குறைக்கப்படவில்லை.

இப்பக்கத்தின் முகவரி ஆண்டுதோறும் மாறாது. ஆடி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவ்வாண்டின் சேலைகள் இங்கேயே ஏற்றப்படும்; மற்ற மாதங்களில் வருவோருக்கு வழக்கமான விலைப்பட்டியல் காட்டப்படும்.