கூரையில் விழும் மழையை அளப்போம்
ஏழாம் வகுப்பு அறிவியல், இரண்டு பாடவேளைகள்

சென்னைக்கு ஓர் ஆண்டில் சராசரியாக 1400 மி.மீ. அளவில் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றின் புண்ணியத்தில் பெய்வது. 2015 டிசம்பரில் இதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, தெருவெல்லாம் குடங்கள் லாரிக்காக வரிசை கட்டி நின்றன. ஆகவே நம் கேள்வி மழை போதுமா என்பது மட்டுமல்ல. சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதை ஆண்டு முழுவதற்கும் எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி.

மழையை ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்?

செய்தியில் "50 மி.மீ. மழை" என்றால், விழுந்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் அப்படியே நின்றிருந்தால் 50 மி.மீ. உயரத்துக்கு நின்றிருக்கும் என்று பொருள். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. உயரம் நின்றால் அது எத்தனை லிட்டர்? 100 செ.மீ. × 100 செ.மீ. × 0.1 செ.மீ. = 1000 கன செ.மீ. = 1 லிட்டர். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாடத்தின் மற்றக் கணக்குகள் அனைத்தும் இதிலிருந்தே வரும்.

மழைமானி செய்ய, பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் வைக்க வேண்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை நீர் ஊற்றி, அந்த இடத்தைச் சுழி என்று குறியுங்கள். அதற்கு மேல் அளவுகோலை ஒட்டுங்கள். வானிலை ஆய்வு மையத்தைப் போல நாமும் காலை 8.30 மணிக்கு அளவு எடுப்போம்.

அகலமான பாட்டிலில் அதிக மி.மீ. காட்டாதா என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார்கள். காட்டாது. வாய் அகலமானால் அதிக நீர் விழும். அதே அளவுக்கு அடியும் அகலமாக இருப்பதால் உயரம் மாறாது. ஆனால் பாட்டிலைப்போல இரண்டு மடங்கு விட்டமுள்ள புனலைக் கடையில் வாங்கி வைத்தால் என்ன ஆகும்? இரண்டு மடங்கு என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

மாதிரி வீடு

40 செ.மீ. × 25 செ.மீ. பலகை ஒன்று நம் மொட்டை மாடி. பரப்பு 1000 சதுர செ.மீ., அதாவது 0.1 சதுர மீட்டர். எனவே 1 லிட்டர் நீரை இதன்மேல் தூவினால் 10 மி.மீ. மழை பெய்ததற்குச் சமம். ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு பென்சில்களை வைத்துச் சற்றுச் சரிவு கொடுங்கள். தாழ்ந்த பக்கத்தில் நீளவாக்கில் பாதியாகப் பிளந்த பிவிசி குழாய். அதன் முனையில் அளவு ஜாடி. பிளப்பதையும் வெட்டுவதையும் ஆசிரியர் செய்து தருவார். மூடியில் ஊசியால் துளையிட்ட பாட்டில்தான் மேகம். பலகைக்கு வெளியே சிந்தாமல், இரண்டு நிமிடத்தில் 1 லிட்டரையும் தூவி முடிக்க வேண்டும்.

முதலில் பலகைமேல் பாலித்தீன் தாள் விரித்து மூன்று முறை செய்யுங்கள். பிறகு காய்ந்த சணல் சாக்கு. கடைசியாக, பலகைக்குப் பதில் அதே அளவுள்ள தட்டில் 3 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த தோட்டமண். ஒரு குழுவின் குறிப்பேடு இப்படி இருக்கலாம்:

| பரப்பு | முதல் முறை | இரண்டாம் முறை | மூன்றாம் முறை |
|---|---|---|---|
| பாலித்தீன் | 930 மி.லி. | 910 மி.லி. | 920 மி.லி. |
| சணல் சாக்கு | 610 மி.லி. | 780 மி.லி. | 830 மி.லி. |
| தோட்டமண் | 240 மி.லி. | 410 மி.லி. | 520 மி.லி. |

பாலித்தீனுக்குச் சராசரி எடுக்கலாம்: 920 மி.லி. தூவிய 1000-இல் 920 கிடைத்ததால் வழிநீர்க் கெழு 0.92. சாக்குக்கும் மண்ணுக்கும் சராசரி எடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அந்த எண்கள் அங்குமிங்கும் அலையவில்லை, ஒரே திசையில் ஏறுகின்றன. காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடுகிறது. ஈரமான மண்ணுக்கு அவ்வளவு தாகம் இல்லை. 2015-இல் நவம்பர் முழுவதும் பெய்து மண் ஊறி, ஏரிகளும் நிரம்பியிருந்த நிலையில்தான் டிசம்பர் முதல் தேதி பெருமழை வந்தது. சராசரி எடுத்திருந்தால் இந்தச் செய்தி நம் அட்டவணையிலிருந்து காணாமல் போயிருக்கும்.

வடிகட்டிக்கு, அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, கீழிருந்து மேலாகக் கூழாங்கல், சிறு ஜல்லி, கழுவிய மணல் என்று அடுக்குங்கள். கலங்கல் நீரை ஊற்றி, வெளியே வருவதைக் கண்ணாடித் தம்ளரில் பிடியுங்கள். தம்ளரின் கீழே பேனாவால் பெருக்கல் குறி போட்ட தாளை வைத்தால், வடிகட்டும் முன்னும் பின்னும் குறி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று ஒப்பிடலாம். தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது; மணல் கிருமிகளை முழுமையாக நீக்குவதில்லை.

கயல்விழி வீட்டுக் கணக்கு

தாம்பரத்தில் இருக்கும் கயல்விழி வீட்டின் மொட்டை மாடி 30 அடிக்கு 20 அடி. 600 சதுர அடி என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். உண்மையான மாடியில் விரிசல் உண்டு, தேங்கி ஆவியாவது உண்டு, தூசியும் காக்கை எச்சமும் கலந்த முதல் நீரை வெளியே விட வேண்டியதும் உண்டு. எனவே 0.92 என்று ஆசைப்படாமல் 0.8 என்று எடுத்துக்கொள்வோம். மழைக்குச் சென்னையின் சராசரியே போதும்.

56 × 1400 × 0.8 = 62,720 லிட்டர்

வீட்டில் நான்கு பேர். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுவது வழக்கம். அப்படியானால் குடும்பத்துக்கு 540 லிட்டர். 62,720 ÷ 540, சுமார் 116 நாட்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 40 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 14,600 லிட்டர் போதும். கூரை அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் தருகிறது.

இந்த இடத்தில் பலரும் பேனாவை மூடிவிடுவார்கள். நாம் மூட வேண்டாம். நவம்பரில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்ததாக வைத்துக்கொள்வோம். 56 × 100 × 0.8 = 4480 லிட்டர். கயல்விழி வீட்டில் இருப்பது 1000 லிட்டர் தொட்டி. காலியாக இருந்தாலும் அன்று 3480 லிட்டர் வழிந்து ஓடும். மறுநாளும் பெய்தால், முந்தைய நாள் செலவழித்த 40 லிட்டருக்கு மட்டுமே தொட்டியில் இடம் இருக்கும். 62,720 என்ற எண் பொய்யில்லை. ஆனால் அது ஒருபோதும் ஒரே நேரத்தில் கைக்கு வராது, வந்தாலும் வைக்க இடமில்லை.

மிச்சத்தை வைக்கப் பூமிதான் இடம். வழியும் நீரை ஜல்லி, மணல் நிரப்பிய கசிவுக்குழிக்கோ, வடிகட்டி வழியாகத் திறந்த கிணற்றுக்கோ விடுகிறோம். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் நோக்கம் நிலத்தடி நீரை உயர்த்துவதுதான். சட்டத்துக்காகக் குழி வெட்டிய பல வீடுகளில் இன்று அது மண் மூடி, மேலே செருப்பு ஸ்டாண்ட் நிற்கிறது. அப்படி அடைபட்ட குழியை இல்லாத குழியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தொட்டியோ, மூடியில் இடைவெளி இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும்.

வீட்டில் செய்ய

பெரியவர் ஒருவர் துணையோடு மாடியின் நீள அகலத்தை அளந்து வாருங்கள். ஓட்டு வீடானால் ஓட்டின் சரிவை அளக்க வேண்டாம். கூரைக்குள் அடங்கும் தரைப் பரப்பை அளந்தால் போதும், ஏன் என்று ஒரு வரியில் எழுதுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொத்த மாடியைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துத் தம் பங்கைக் கண்டுபிடியுங்கள். மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று தரையில் நின்றபடியே தேடிப் படம் வரையுங்கள். தெருச் சாக்கடையில் முடிந்தால் அதையும் அப்படியே வரையுங்கள்; அதற்காக மதிப்பெண் குறையாது.

கடைசிக் கேள்வி: கயல்விழியின் அப்பா 1000 லிட்டர் தொட்டிக்குப் பதில் 5000 லிட்டர் தொட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறார். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் வீதம் எடுத்தால், டிசம்பர் 31 அன்று நிரம்பிய தொட்டி எந்த மாதம் எந்தத் தேதிவரை வரும்? இரண்டு தொட்டிக்கும் கணக்கிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று காரணத்தோடு எழுதுங்கள். இடையில் மழையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.