நம்ம கம்ப்யூட்டரை அடுத்தவங்க கையில எப்ப குடுக்கலாம்? (மூத்தோர் கம்ப்யூட்டர் வகுப்பு, சனிக்கிழமை பேச்சு)

எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னாடி கேக்குதுங்களா? ஃபேனை ஒரு பாயிண்ட் கொறச்சு வெச்சிருங்க தம்பி.

போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க, பையன் அமெரிக்காவுல இருந்தே என் கம்ப்யூட்டர்ல மவுசை நகத்துறான், அது சரி, ஆனா பேப்பர்ல பாத்தா இதே மாதிரி உள்ள வந்துதான் பணத்தை எடுத்துட்டு போறாங்கன்னு போடுறான், அப்ப நான் பையனையும் விடக்கூடாதான்னு. நல்ல கேள்விங்க. விடலாம், தாராளமா விடலாம். நான் காந்திபுரத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், தெனமும் கஸ்டமர் கம்ப்யூட்டருக்குள்ள தூரத்துல இருந்து போய் பிரிண்டர் சரி பண்றது, டேலி சரி பண்றதுதான் என் பொழப்பே. யாரையுமே விடாதீங்கன்னு நானே சொன்னா நல்லாவா இருக்கும்?

நீங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாங்க, யாரு யாரை மொதல்ல கூப்பிட்டாங்கன்னு. நம்ம தெருவுக்கு கேஸ் கம்பெனியில இருந்து வர்றோம், டியூபை செக் பண்ணணும்னு ரெண்டு பேர் பையோட வருவாங்கல்ல, நீங்க கூப்பிட்டீங்களா அவங்கள? இல்ல. நேரா அடுப்படிக்கு போய் டியூபை பாத்து "ஐயோ லீக்"னு சொல்லி தலையில ஒண்ணை கட்டிட்டு போயிருவாங்க. இங்கயும் அதே கதைதான். உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு தானா ஃபோன் பண்றவன் யாரா இருந்தாலும் வெச்சுருங்க. மைக்ரோசாஃப்ட்னு சொன்னாலும் சரி, பேங்க்னு சொன்னாலும் சரி, பென்ஷன் ஆபீஸ்ல இருந்து லைஃப் சர்டிபிகேட் அப்டேட் பண்ணித் தர்றோம்னு உங்க பிபிஓ நம்பரையே கரெக்டா சொன்னாலும் சரி. கடைசி ஆளுதான் ரொம்ப மோசம், ஏன்னா பேரு, ரிடையர் ஆன தேதி எல்லாம் சொல்லுவான், நமக்கு நம்பிக்கை வந்துரும். ஆனா பென்ஷன் ஆபீஸ்ல யாரும் உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து அதை பண்றதில்லீங்க, ஜீவன் பிரமாண்ங்கற அந்த லைஃப் சர்டிபிகேட் நீங்களா கைரேகையோ முகமோ காட்டிப் பண்றது.

சரி, அவன் எப்படி நம்ப வெக்கிறான்னு இந்த லேப்டாப்லயே காட்றேன், திரையை பாருங்க. இது நம்ம வகுப்புக்கு வாங்குன புது லேப்டாப், இதுல பேங்க்கும் இல்ல ஒண்ணும் இல்ல. விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேத்து அழுத்துறேன், சின்னதா ஒரு பெட்டி வருது, அதுல இதை டைப் பண்றேன்.

```
eventvwr
```

வந்துச்சுங்களா, லெஃப்ட்ல Windows Logs, அதுக்குள்ள System. பாருங்க, எத்தன செவப்பு புள்ளி, எத்தன மஞ்ச முக்கோணம், Error, Warning, Errorனு வரிசையா. புது லேப்டாப்புங்க இது! இந்தப் பட்டியல் கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதி வெக்கிற டைரி, வைஃபை ஒரு செகண்ட் விட்டுப் போனாக்கூட எழுதும், எல்லா கம்ப்யூட்டர்லயும் செவப்பு இருக்கும். ஃபோன்ல கூப்பிட்டவன் உங்கள வெச்சே இதைத் தெறக்கச் சொல்லி "பாத்தீங்களா சார், ஹேக்கர் உள்ள இருக்கான்"னுவான். நமக்கு வயித்த கலக்கிரும். உடனே எனிடெஸ்க்னு தூரத்துல இருந்து கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேரைப் போடுங்க, அதுல வர்ற நம்பரைச் சொல்லுங்க, Accept அழுத்துங்கன்னு வேக வேகமா ஓட்டுவான். எனிடெஸ்க்கே கெட்ட சாமான் இல்லீங்க, நானும் அதைத்தான் வெச்சிருக்கேன். ஆனா இந்த மாதிரி ஆளுங்க அதை வெச்சு பணம் எடுக்கறாங்கன்னு ரிசர்வ் பேங்க்கே 2019-ல பேங்குகளுக்கு எச்சரிக்கை குடுத்துச்சு.

இன்னொண்ணு, நெட்டுல ஏதோ பாத்துட்டு இருக்கையில திடீர்னு முழு ஸ்கிரீனும் பிடிச்சுட்டு பீப் பீப்னு கத்தி, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாதீங்க இந்த நம்பருக்கு கூப்பிடுங்கன்னு வரும். இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாறுறாங்க, ஏன்னா நானேதானே கூப்பிட்டேன்னு தோணும். கூப்பிட்டது நீங்கதான், நம்பர் குடுத்தது அவன். விண்டோஸோட நெஜமான எர்ரர்ல ஃபோன் நம்பர் வராது. Esc-ஐ கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, இல்லைன்னா Alt+F4, அதுவும் கேக்கலைன்னா பவர் பட்டனை விடாம அழுத்தி அணைச்சிருங்க, ஒண்ணும் ஆகாது. கூகுள்ல கஸ்டமர் கேர்னு தேடி எடுக்கற நம்பரும் இதே கணக்குதான். பேங்க் நம்பர் வேணும்னா ஏடிஎம் கார்டுக்குப் பின்னாடியே அடிச்சிருக்கு, அதைப் பாருங்க.

இப்ப பையன் விஷயம். அவன் வாட்ஸ்அப்ல பேசிட்டே இருக்கட்டும், மெசேஜ் மட்டும் வந்தா வேண்டாம், குரலைக் கேளுங்க, வீடியோவா இருந்தா இன்னும் நல்லது. அதுக்கு முன்னாடி பேங்க் பக்கம் தெறந்திருந்தா லாக்அவுட் பண்ணிருங்க, மெயிலையும் மூடிருங்க. ஸ்டார்ட்ல Quick Assistனு தேடுங்க, பெரும்பாலும் விண்டோஸ்லயே இருக்கும். பையன் ஒரு ஆறெழுத்து கோடு சொல்லுவான், அதைப் போட்டா அவன் உங்க ஸ்கிரீனை பாக்கலாம், பாக்க மட்டும்தான். மவுசை பிடிக்கணும்னா அவன் தனியா கேக்கணும், நீங்க தனியா சம்மதிக்கணும். பாதி வேலை பாத்தாலே முடிஞ்சிரும், "அந்த மூலையை அமுக்கும்மா"ன்னு சொல்லச் சொல்லி நீங்களே அமுக்கிப் பழகுங்களேன். கன்ட்ரோல் குடுத்தீங்கன்னா முடியுற வரைக்கும் சீட்டை விட்டு எந்திரிக்காதீங்க. அடுப்புல பால் வெச்சுட்டு வர்றேன்னு போனா, போனதுதான்.

என்னை மாதிரி கடைக்காரனுக்கும் இதே சட்டம்தாங்க. நீங்க கூப்பிட்டு, நாங்க வந்து, பிரிண்டரை சரி பண்றோம். அப்ப பேங்க் பக்கத்தைத் தெறங்கன்னு எவனாச்சும் சொன்னா அங்கயே கட் பண்ணுங்க, பிரிண்டருக்கும் பேங்குக்கும் என்ன சம்பந்தம்? திடீர்னு ஸ்கிரீன் கருப்பாச்சுன்னாலும் வைஃபையை அணைச்சிருங்க, மறைச்சு வெச்சு வேலை பாக்கறதுக்கு அவசியமே இல்ல. வேலை முடிஞ்சதும் அந்த சாஃப்ட்வேரை எடுத்துருங்கன்னு சொல்லுங்க, ஏன்னா எனிடெஸ்க்ல ஒரு பாஸ்வேர்டு செட் பண்ணி வெச்சுட்டா நீங்க ஓகே குடுக்காமயே அப்புறமும் உள்ள வரலாம். சங்கடப்படாதீங்க, நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டான்.

அப்புறம் ஃபோன். 2022-ல ஊரெல்லாம் மெசேஜ் வந்துச்சே, இன்னிக்கு ராத்திரி ஒம்பதரைக்கு கரண்டு கட், இந்த ஆபீசருக்கு கூப்பிடுங்கன்னு. கூப்பிட்டவங்க ஃபோன்ல இதே மாதிரி ஆப்பை ஏத்த வெச்சாங்க. ஓடிபி அந்த ஸ்கிரீன்லயே வந்து விழும்ல, நீங்க வாயைத் தெறந்து சொல்லவே வேண்டாம், அவன் படிச்சுக்குவான். அதனால ஃபோனை மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க, பையனுக்கும் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், என்ன ரிப்பேரா இருந்தாலும் நேர்ல பாத்துக்கலாம்.

ஏதாவது ஆயிருச்சுன்னா, வெக்கப்பட்டு ரெண்டு நாள் மூடி வெக்காதீங்க. மொதல்ல நெட்டை பிடுங்குங்க, வேற ஃபோன்ல இருந்து பேங்குக்கு சொல்லி அக்கவுண்டை நிறுத்துங்க, அப்புறம் 1930, பணம் போன சைபர் புகாருக்கு இந்தியா முழுக்க ஒரே நம்பர், cybercrime.gov.in-லயும் எழுதலாம். 2017-ல ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கையில, நம்ம அஜாக்கிரதையால பாஸ்வேர்டை குடுத்துப் போன பணம் பேங்குக்கு சொல்ற வரைக்கும் நம்ம தலையில, சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்க் தலையிலன்னு இருக்கு. பேங்குக்கு எப்ப சொன்னீங்கன்னு மணியோட குறிச்சு வெச்சுக்கங்க. கம்ப்யூட்டரை எங்கிட்டயோ தெரிஞ்ச கடையிலயோ காட்டாம மறுபடி நெட்டுல போடாதீங்க.

பேசுனது போதும். சந்திராம்மா, உங்க லேப்டாப்பை எடுத்துட்டு வந்து இந்த டேபிள்ல உக்காருங்க, நான் வெளிய வராந்தாவுல போய் உக்காந்து கோடு சொல்றேன், என்னை உள்ள விட்டு, கன்ட்ரோல் குடுத்து, நடுவுலயே வெரட்டி விடுங்க. எல்லாரும் ஒவ்வொருத்தரா பண்ணணும், வெரட்டறதையும் சேத்து.