பத்திரிகைச் செய்தி: பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போகும் மாலை

செய்தியாளர் நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தில் பொரிந்து வரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க உங்களை அழைக்கிறோம். இந்தக் குறிப்பில் தேதி, இடம், சிறப்பு விருந்தினர் பெயர், நோக்கம் நான்குமே இருக்காது. மறந்து விடவில்லை, பேசி முடிவெடுத்துத்தான் எழுதாமல் விட்டிருக்கிறோம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தை, மாசியில் கரையேறிய ஆமைகள் ஒவ்வொன்றும் நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போயிருக்கின்றன. இரவில் கரையோரமாக நடந்து தேடி எடுத்த முட்டைகளைப் பொரிப்பகத்தில், தாய் தோண்டிய அதே ஆழத்துக்குக் குழி எடுத்துப் புதைத்து, இட்ட நாளையும் எண்ணிக்கையையும் பலகையில் எழுதிக் குத்தி வைத்திருக்கிறோம். நாற்பத்தைந்து நாளிலும் பொரியும், ஐம்பத்தைந்து நாளும் ஆகும், எல்லாம் மணலின் சூட்டைப் பொறுத்தது. குழிக்கு மேலே மணல் லேசாக உள்வாங்கியிருந்தால் இன்றோ நாளையோ வந்துவிடும் என்று தெரியும். அதற்கு முன்னால் நாங்கள் ஒரு தேதி சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இடத்தைச் சொல்லாததற்குக் காரணம் கூட்டம். இடம் அச்சில் வந்தால் நல்ல எண்ணத்தோடுதான் ஆயிரம் பேர் வருவார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஆனால் ஆளுக்கொரு செல்போன் வெளிச்சம் இருக்கும், இருட்டில் உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சு காலடியில் தெரியாது. சென்னைக்குத் தெற்கே உள்ள கரை என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்து முதல் குஞ்சை விட வேண்டும் என்று ஏற்பாடு. அவர் வர ஒன்றரை மணி நேரம் தாமதமானது. வெளியே வந்த குஞ்சு நிற்காது, துடுப்பை அடித்துக்கொண்டே இருக்கும், வயிற்றில் மிச்சமிருக்கிற மஞ்சள் கருதான் முதல் சில நாட்களுக்கு அதற்குச் சாப்பாடு. அந்த பலத்தையெல்லாம் கூடைக்குள்ளேயே செலவழித்துவிட்டுச் சில குஞ்சுகள் தலை தொங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேடை போட்டதும் மாலை வாங்கியதும் நாங்கள்தான், அதனால் தவறு எங்களுடையதும்தான். அதற்கப்புறம் யாரையும் விருந்தினராக அழைப்பதில்லை. நீங்கள் வந்தாலும் குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கக் கேட்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் இது. அலைக்குச் சற்று முன்னால் ஈர மணலில் விடுவோம், மிச்ச தூரத்தை அது தானே நடக்கட்டும்.

நோக்கம் என்று ஒரு வரி வேண்டும் என்று எங்கள் குழுவிலேயே சிலர் கேட்டார்கள். விழிப்புணர்வு என்று எழுதினால் எல்லாருக்கும் வசதி, எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு தன் கடலுக்குப் போகிறது. 2025 ஜனவரியில் இதே கரையில் பெரிய ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணிக்கை எடுத்தவர்கள் நாங்கள். அந்த வாரம் படம் எடுக்க நீங்களும் வந்தீர்கள். உயிரோடு போவதையும் ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள், அவ்வளவுதான்.

வர விருப்பமுள்ளவர்கள் உங்கள் எண்ணை எங்களிடம் கொடுத்து வையுங்கள். அன்று மாலை நான்கு மணிக்கு இடத்தைக் குறிப்பிட்டுச் செய்தி அனுப்புவோம், ஐந்தரைக்குள் வந்துவிட வேண்டும், இருட்டத் தொடங்கியதும் விட்டுவிடுவோம், யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். ஒரு பத்திரிகைக்கு ஒருவர். ஃபிளாஷ் வேண்டாம், டிரோன் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்து நடங்கள்.

வர முடியாதவர்களும் இதை மட்டும் போட்டுவிடுங்கள்: கடலைப் பார்த்த வீடு, ஹோட்டல், விடுதிகளில் பங்குனி, சித்திரை முடியும்வரை இரவில் மாடி விளக்கையும் தோட்ட விளக்கையும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல் என்று நம்பிக் குஞ்சு நடக்கும், நம் விளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும். பொரிப்பகத்துக்கு வெளியே எங்கள் கண்ணில் படாத கூடுகளும் இருக்கின்றன, அங்கிருந்து வரும் குஞ்சுகளுக்கு வழிகாட்ட யாரும் இல்லை.

இப்படிக்கு,
இரவு நடைத் தன்னார்வலர்கள்
சென்னைக் கடற்கரை