கீ கொடுக்கிற மணிக்கூடு உள்ளே எப்படி ஓடுகிறது?

முள்ளை ஓட வைப்பது பெரிய வேலை இல்லை. ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி விட்டால் சில்லுகள் தாமாகவே சுற்றும், சில செக்கன்களில் முழுப் பலமும் தீர்ந்துவிடும். அந்தப் பலத்தை ஏறத்தாழ 40 மணித்தியாலத்துக்கு அடக்கி, அளந்து அளந்து செலவழிக்க வைப்பதுதான் மணிக்கூட்டின் கெட்டித்தனம்.

நேரில் பார்க்க ஆசையா? பின்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு செய்கோ 5 போதும், கை அசைவில் தானாக முறுக்கிக்கொள்ளும் வகை என்றாலும் உள்ளே இதே அமைப்புத்தான். இல்லாவிட்டால் வீட்டு அலுமாரியில் கிடக்கிற பழைய கைமணிக்கூட்டை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போங்கள். ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டியபடி இருக்கும் திருத்துநரிடம், "நானா, பின்மூடியை ஒருக்கா கழற்றிக் காட்டுங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது, பக்கமெல்லாம் பல் வெட்டிய தட்டையான ஒரு டப்பா. அதுதான் பெரல். மெயின்ஸ்பிரிங் அதற்குள் சுருண்டு கிடக்கும்: நீளமான உலோகப் பட்டி, தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். கீ கொடுக்கும்போது அது நடு அச்சைச் சுற்றி இறுகும். அப்போது கேட்கிற 'கிர்ர்', முறுக்கியது திரும்பிப் போகாமல் பல்லில் விழுந்து பிடிக்கும் ஒரு சின்னக் கொக்கியின் சத்தம்.

விரிய முயலும் ஸ்பிரிங் பெரலைத் திருப்பும். ஒரு சுற்றுக்கு ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கிற சோம்பல் நடை அது. அதிலிருந்து வரிசையாகச் சில்லுகள். சென்டர் வீல் மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று, நிமிட முள் அதற்குரியது. அடுத்து மூன்றாவது சில்லு. நாலாவது நிமிடத்துக்கு ஒரு சுற்று, செக்கன் முள்ளின் கணக்கு அதில். ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடும், பலம் குறையும். கடைசியில் இருக்கும் எஸ்கேப் வீலை நுனி விரலால் தொட்டாலே நின்றுவிடும். அதனால்தான் ஒரு தூசியும் அங்கே வில்லங்கம்.

இனித்தான் எஸ்கேப்மென்ட், பலத்தை அளந்து அளந்து விடுகிற பகுதி. எஸ்கேப் வீலுக்கு வழக்கமாக 15 பல், கொக்கி போல வளைந்தவை. பக்கத்தில் நங்கூர வடிவில் ஒரு குட்டிக் கவை, அதன் இரு கைகளிலும் சிவப்பாக மின்னும் மாணிக்கக் கல். இரத்தினபுரிக் கல் என்று நினைத்துவிடாதீர்கள், ஆய்வுகூடத்தில் உருக்கிச் செய்தது. உலோகம் உரசினால் தேயும், கல் இலகுவில் தேயாது.

ஒரு கல் பல்லைத் தடுத்து நிறுத்துகிறது. சில்லு வரிசை முழுவதும் அப்படியே நிற்கும். அந்த நேரம், முன்னும் பின்னுமாக ஆடி நேரத்தை எண்ணுகிற பலன்ஸ் சில்லு திரும்பி வந்து, தன் அடியில் உள்ள சிறு கல்லால் கவையின் வாலைத் தட்டும். கவை சரியும், பல் விடுபடும். விடுபட்டு நழுவும் பல், கல்லின் சரிவான முகத்தில் உரசி அதைத் தள்ளிவிட்டுப் போகும். அந்தத் தள்ளல் கவை வழியாகப் பலன்ஸுக்கே திரும்பிப் போகிறது. அதற்குள் மறு கை வேறொரு பல்லைப் பிடித்துவிடும். 'டிக்'.

இந்த இடத்தை ஒரு தடவைக்கு இரு தடவை வாசியுங்கள். நேரத்தை எண்ணுவதும், எண்ணுகிறவனுக்குச் சாப்பாடு போடுவதும் ஒரே தட்டில் நடக்கிறது! ஊஞ்சலை நாம் உயரத்தில் நின்று திரும்பும்போது தள்ளுவோம். இங்கே தள்ளல் விழுவது ஆட்டத்தின் நடுவில், வேகம் கூடிய இடத்தில். அங்கே தள்ளினால்தான் ஆட்டத்தின் நேரக்கணக்கு குறைவாகக் குழம்பும். தோமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1750களில் கண்டுபிடித்த இந்த அமைப்புத்தான், சிறு சிறு மாற்றங்களோடு, இன்றும் பெரும்பாலான கைமணிக்கூடுகளில் இருக்கிறது.

பலன்ஸைத் திருப்பிக் கொண்டுவருவது மயிரிழை மாதிரியான ஹெயர் ஸ்பிரிங். 1675இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வெளியிட்ட யோசனை அது. ஆட்டம் அகலமானாலும் ஒடுங்கினாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மெயின்ஸ்பிரிங் தளர்ந்து வந்தாலும் மணிக்கூடு உடனே தடுமாறாது. செய்கோ 5 வகைகள் பலவற்றில் மணித்தியாலத்துக்கு 21,600 தட்டு, அதாவது செக்கனுக்கு 6. செக்கன் முள் வழுக்கிப் போவதுபோலத் தெரிவது அதனால்தான்.

நாளைக்கு 20 செக்கன் பிழைக்கிறது என்று சலிக்கிறவர்கள் உண்டு. ஒரு நாளில் 86,400 செக்கன். அந்தக் கணக்கில் பிழை 0.03 வீதம்கூட இல்லை. பற்றரியே இல்லாத சாமானிடம் இதற்குமேல் என்ன கேட்பது? ஆனால் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கரோ கைப்பையின் காந்தப் பூட்டோ போதும், ஹெயர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஸ்பிரிங் குறுகினது போலாகி வேகம் பிடிக்கும். காந்தம் இறக்கும் சின்ன மெஷின் திருத்துநரிடம் இருக்கும், சில செக்கன் வேலை. மற்றப்படி கொஞ்சம் முந்துவதோ பிந்துவதோ என்றால், பலன்ஸுக்கு மேலே + − குறி போட்ட பாலத்தில் உள்ள சிறு நெம்பை மயிரளவு நகர்த்துவார். நீங்களாக ஊசியால் தொட வேண்டாம்.