ஆன்டிபயாட்டிக்கைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றிய பொதுமக்கள் விழிப்புணர்வு: குறுவினாத்தாள் வழி ஓர் ஆய்வு

பி.ஃபார்ம் இறுதியாண்டு ஆய்வுத் திட்ட முன்மொழிவு

ஏன் இந்தத் தலைப்பு

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் 12 நாடுகளின் பொதுமக்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தியது. சளி, ஃப்ளூ காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எடுக்கலாம் என்று 64 சதவீதம் பேர் நம்பினார்கள். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றவர்கள் 32 சதவீதம். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு என்பது நம் உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது என்று 76 சதவீதம் பேர் நினைத்தார்கள்.

முதல் இரண்டும் பலரும் எடுத்து ஆராய்ந்தவை. என் ஆர்வம் மூன்றாவதில். உடம்புதான் பழகுகிறது என்று நினைப்பவர், "நான் எப்போதாவதுதான் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுவார். உண்மையில் எதிர்ப்புப் பெறுவது பாக்டீரியா. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும், மாத்திரையே தொடாதவருக்கும் தொற்றும். அப்படி மருந்துக்கு அடங்காத தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக ஒரு பன்னாட்டு மதிப்பீடு சொல்கிறது.

எனவே ஆய்வுக் கேள்வி இது: சரியான விவரம் தெரிந்தவர்கள் ஆன்டிபயாட்டிக்கைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறார்களா? இல்லை, தெரிந்தும் மீந்த மாத்திரையைத்தான் தேடுகிறார்களா?

யாரிடம், எப்படி

புறநோயாளிகள் பிரிவில் நோயாளிக்குத் துணையாக வந்து காத்திருக்கும் 18 வயது நிறைந்தவர்களிடம் கேட்கப்படும். மருத்துவம், செவிலியம், மருந்தியல் படித்தவர்களும் அத்துறைகளில் வேலை செய்பவர்களும் சேர்க்கப்பட மாட்டார்கள். நோயாளிகளையும் சேர்க்கவில்லை, காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவரைக் கேள்வி கேட்டு வதைப்பது முறையல்ல.

மாதிரி அளவு:

n = 1.96² × 0.5 × 0.5 / 0.05² = 384.16

அதாவது 385 பேர். பத்தில் ஒருவர் பாதியில் விட்டுவிடுவார் என்று வைத்துக்கொண்டு 428 பேரிடம் கேட்கத் திட்டம். இந்தச் சூத்திரம் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தால்தான் முழுமையாகப் பொருந்தும். காத்திருப்புக் கூடத்தில் அது நடக்காது. அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு ஐந்தாவது நபரையும் அணுகுவேன். முகம் பார்த்து, பேசத் தோதானவராகத் தேர்ந்தெடுக்கும் ஆசைக்கு இது ஒரு கடிவாளம். மறுத்தவர்களின் எண்ணிக்கையும் குறிக்கப்படும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் விடுபடாமலிருக்க, எல்லோருக்கும் கேள்விகளை நானே வாசித்துப் பதிலைக் குறித்துக்கொள்வேன். முதலில் 30 பேரிடம் முன்னோட்டம். அவர்கள் தடுமாறும் கேள்விகளைத் திருத்துவேன். அந்த 30 பேரின் பதில்கள் ஆய்வில் சேராது.

வினாத்தாள்

"வணக்கம். நான் பி.ஃபார்ம் இறுதியாண்டு மாணவி. ஆன்டிபயாட்டிக் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்கிறேன். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இது பரீட்சை இல்லை. தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே சொல்லலாம். பெயர், தொலைபேசி எண் எதுவும் கேட்க மாட்டேன். பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், எந்த இடத்திலும் நிறுத்தலாம். உங்களோடு வந்தவரின் சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேசலாமா?"

(சம்மதித்தால் வயது, பாலினம், படிப்பு குறிக்கப்படும்.)

1. இந்த நான்கில் எவை ஆன்டிபயாட்டிக்? அமாக்சிசிலின் / பாராசிட்டமால் / அசித்ரோமைசின் / செட்டிரிசின்

(பதிலைக் குறித்த பின், அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும்தான் என்று சொல்லிவிட்டு மேலே செல்லவும்.)

2. கடைசியாக எப்போது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள்? ஒரு மாதத்துக்குள் / ஓராண்டுக்குள் / அதற்கு முன்னால் / சாப்பிட்டதே இல்லை / நினைவில்லை

(ஓராண்டுக்குள் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் 3 முதல் 6 வரை.)

3. அது எப்படிக் கிடைத்தது? மருத்துவர் எழுதிக் கொடுத்தார் / சீட்டில்லாமல் கடையில் வாங்கினேன் / வீட்டில் மீந்திருந்தது / தெரிந்தவர் கொடுத்தார்

4. என்ன தொந்தரவுக்காகச் சாப்பிட்டீர்கள்? (சொல்வதை அப்படியே எழுதவும்)

5. எப்போது நிறுத்தினீர்கள்? சொன்ன நாள் முடிந்ததும் / உடம்பு தேறியதும் / ஒத்துக்கொள்ளாததால் / மருத்துவர் நிறுத்தச் சொன்னதால்

6. மாத்திரை மீந்ததா? மீந்ததை என்ன செய்தீர்கள்?

இனி நான் சொல்வது சரியா, தவறா, தெரியாதா என்று சொல்லுங்கள்.

7. சாதாரணச் சளி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும்.

8. ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது.

9. போன தடவை மாதிரியே தொந்தரவு வந்தால், அப்போது மீந்த ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிடலாம்.

10. சொன்ன நாளுக்கு முன்பே நிறுத்துவதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

11. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு என்றால் நம் உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது.

12. ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதவருக்கும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றலாம்.

13. ஆன்டிபயாட்டிக்கால் வயிற்றுப்போக்கு வரலாம்.

14. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கிறீர்கள். "ஆன்டிபயாட்டிக் தேவையில்லை" என்று அனுப்பிவிடுகிறார். என்ன நினைப்பீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள்?

மதிப்பெண்ணும் சில விளக்கங்களும்

1-ஆம் கேள்விக்கும் 7 முதல் 13 வரையிலானவற்றுக்கும் தலா ஒரு மதிப்பெண், மொத்தம் 8. இவற்றில் 7, 9, 11 தவறானவை, மற்றவை சரியானவை. எதற்கும் "சரி சரி" என்று தலையாட்டுபவரை இந்தக் கலப்பு காட்டிக்கொடுத்துவிடும். "தெரியாது" என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை என்றாலும், அதைத் தவறான பதிலோடு சேர்க்காமல் தனியே எண்ணுவேன். தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு வேலை. தவறாக நம்புபவரை மாற்றுவது வேறு வேலை.

பழக்கம் பற்றிய கேள்விகளை அறிவுக் கேள்விகளுக்கு முன்னால் வைத்தது வேண்டுமென்றுதான். "மீந்த மாத்திரையைச் சாப்பிடலாமா" என்று முதலிலேயே கேட்டால், அது கூடாது போல என்று ஊகித்து, தாம் சாப்பிட்டதை மறைத்துவிடுவார்கள்.

அதிகம் யோசிக்க வைத்தது 10-ஆம் கேள்வி. "முழு கோர்ஸையும் முடிக்க வேண்டும்" என்று கேட்பதுதான் வழக்கம். ஆனால் பல தொற்றுகளுக்குக் குறைந்த நாள் சிகிச்சையே போதும் என்று ஆய்வுகள் வந்தபின், 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு கட்டுரை அந்த அறிவுரையையே கேள்விக்குள்ளாக்கியது. நிபுணர்களே விவாதித்துக்கொண்டிருக்கும் ஒன்றை வைத்துப் பொதுமக்களுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. நோயாளி தானாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் குறைத்தால் குறைக்கலாம் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டையில்லை. ஆகவே கேள்வியை அந்த இடத்தில் நிறுத்தினேன். 5-ஆம் கேள்வியில் "மருத்துவர் நிறுத்தச் சொன்னதால்" என்ற விடை இருப்பதும் இதனால்தான்.

அறிவுக் கேள்விகளின் நம்பகத்தன்மை குடர்–ரிச்சர்ட்சன் 20 முறையில் பார்க்கப்படும். மருத்துவர் சீட்டோடு வாங்கியவர்கள், மற்ற வழிகளில் பெற்றவர்கள் ஆகிய இரு பிரிவினரின் மதிப்பெண்கள் மான்–விட்னி சோதனையால் ஒப்பிடப்படும். 4, 6, 14-ஆம் கேள்விகளின் பதில்களை நானும் சக மாணவர் ஒருவரும் தனித்தனியே வகைப்படுத்தி, பிறகு ஒத்துப் பார்ப்போம்.

குறைபாடுகள்

மருத்துவமனைக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்பதால், டாக்டரையே பார்க்காமல் கடையில் மருந்து வாங்கிச் சமாளிப்பவர்கள் இதில் குறைவாகவே இருப்பார்கள். நாம் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியதும் அவர்களைப் பற்றித்தான். ஓராண்டுக்குள் நடந்ததை நினைவிலிருந்து சொல்வதால் பிழை வரும். கேட்பவள் மருந்தியல் மாணவி என்று தெரிவதால் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்பவர்களும் இருப்பார்கள்.

நெறிமுறை

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எழுத்தில் கிடைத்த பிறகே கேள்வி கேட்கத் தொடங்குவேன். பேசி முடித்ததும் சரியான விடைகள் அடங்கிய ஒருபக்கத் துண்டறிக்கையை ஒவ்வொருவருக்கும் கொடுப்பேன். படிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டுவேன். பக்கத்து இருக்கைக்காரர் அடுத்து என்னிடம் பேச வேண்டியவராக இருக்கலாம். ஆகவே கேள்வி கேட்பதும் வாசித்துக் காட்டுவதும் கூடத்துக்கு வெளியே, தனி மேசையில். துண்டறிக்கை ஒட்டிய உறையில்.