ஹெட் ஃபிட்டர் முருகேசன் அண்ணாவுக்கு, 25 ஆண்டுப் பணி நிறைவில்

15 ஜூன் 2026, திங்கள்

அன்புள்ள முருகேசன் அண்ணாவுக்கு,

வணக்கம். 2001 ஜூன் 15, வெள்ளிக்கிழமை அன்று அப்ரண்டிஸாக இந்த மில்லுக்குள் வந்தீர்கள். இன்றோடு 25 வருடம் நிறைகிறது. நிர்வாகத்தின் சார்பிலும், ரிங் ஃபிரேம் பிரிவில் மூன்று ஷிப்டிலும் வேலை செய்யும் எல்லோர் சார்பிலும் மனமார்ந்த வாழ்த்துகள்.

வருகைப் பதிவு, சம்பள உயர்வு எல்லாம் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. அதில் ஏறாத சில வேலைகள் உண்டு. அவற்றை எழுத்தில் வைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் 2020 மார்ச் 24. ஊரடங்கு மாலை ஆறு மணிக்கு என்று தெரிந்ததும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். நீங்கள் ஏழு பேரை நிறுத்தி வைத்து, 24 ஃபிரேமிலும் டாஃப் எடுக்கச் சொல்லி, டாப் ஆர்ம் ஒவ்வொன்றையும் தூக்கி பிரஷரை விடுவித்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்டினீர்கள். ஃபிரேமுக்கு 1008 ஸ்பிண்டில், இரண்டு ஸ்பிண்டிலுக்கு ஒரு ஆர்ம், ஆக மொத்தம் 12,096 ஆர்ம். அழுத்தத்தோடு வாரக்கணக்கில் நின்றிருந்தால் காட்ஸ் ரப்பர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகியிருக்கும். அதன் பிறகு உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம், அதாவது சுமார் 9 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, நூலில் தடிப்பும் மெலிவும் விழுந்துகொண்டே இருக்கும். மறுபடி மில் ஓடத் தொடங்கியபோது முதல் வாரத்து நூல் அப்படி ஒரு குறையும் இல்லாமல் வெளியே போனது. 24,192 ஸ்பிண்டிலுக்கும் முன் வரிசைக் காட்ஸைக் கழற்றிப் பஃபிங் போட வேண்டிய நிலை வரவில்லை. வராமல் போன வேலை எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. அதனால்தான் அதை இங்கே முதலில் சொல்கிறேன்.

அடுத்தது ஸ்பிண்டில் டேப். லேபில் 40ஆம் நம்பரில் முறுக்கு குறைகிறது என்று வந்தால், பொதுவாக எல்லோரும் ட்விஸ்ட் வீலைத்தான் சந்தேகப்படுவார்கள். நீங்கள் நேராக ஃபிரேமுக்குப் போய் காப்களை விரலால் அமுக்கிப் பார்ப்பீர்கள். இந்தப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு காப் மெத்தென்று, எதிர்ப்பக்கம் அதே இடத்தில் இரண்டு காப் மெத்தென்று இருந்தால், அந்த நான்கையும் ஓட்டுகிற டேப் தளர்ந்திருக்கிறது, அல்லது ஜாக்கி புல்லியில் பஞ்சு சுற்றியிருக்கிறது. ஃபிரேம் முழுக்க மெத்தென்று இருந்தால்தான் வீல் பக்கம் போக வேண்டும். இதை நீங்கள் சொல்லிக்கொடுத்த பிறகு சைடர்களே காப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு ஃபிட்டரைக் கூப்பிடுகிறார்கள். தளர்ந்த டேப்பில் சுற்றிய நூல் பின்னலாடைக் கம்பெனிக்குப் போய் அங்கே அறுந்து புகாராகத் திரும்பி வருவதற்கு முன்பே இங்கே பிடிபட்டுவிடுகிறது.

காட்ஸ் ரூம் உங்கள் கையால்தான் ஒழுங்குக்கு வந்தது. ஒரு தடவைக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது; பஃபிங் முடிந்ததை அன்றே ஏற்றாமல் ஒரு நாள் ஆறவிட வேண்டும்; ஜோடி உருளை இரண்டும் ஒரே விட்டத்தில் இருக்கிறதா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் டிரேயில் அடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நீங்கள் கண்டிப்பாக இருப்பது பிளேடு விஷயத்தில். ஐப்பசி மழையில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது லேப்பிங் அதிகமாகும். அவசரத்தில் பிளேடு போட்டுக் கிழித்தால் பஞ்சோடு ரப்பரும் கீறிவிடும், அந்தக் கீறலில் மறுபடி இழை மாட்டும், அதே உருளையில் மறுபடி லேப்பிங். உருளையைக் கழற்றி, சுற்றிய திசைக்கு எதிராகப் பிரித்தெடுக்க அரை நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும் என்பீர்கள். இப்போது ரிங் ஃபிரேமில் யார் பையிலும் பிளேடு கிடையாது.

2023இல் ஆறு ஃபிரேமுக்குப் புது ரிங் போட்டபோது உற்பத்தி குறைகிறது என்று எங்களுக்கெல்லாம் அவசரம். வேகத்தை 15 சதவீதம் குறைத்தே ஓட்ட வேண்டும், முதல் டிராவலர்களைச் சில மணி நேரத்திலேயே மாற்ற வேண்டும், அடுத்தடுத்த மாற்றங்களை மெல்ல மெல்லத்தான் தள்ளிப்போட வேண்டும் என்று நின்றீர்கள். புது ரிங்கின் பரப்பு பதப்படும் முன் முழு வேகத்தில் விட்டால் டிராவலர் சூடேறிக் கருகும், ரிங்கிலும் தடம் விழும். விழுந்த தடத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. அந்த ஆறு ஃபிரேமும் இன்றைக்கும் நம் ஷெட்டில் இழை அறுப்பு குறைவாக ஓடுகிறவை. கியர் எண்டு கதவின் உள்பக்கம் டிராவலர் மாற்றிய தேதியைச் சாக்பீஸால் எழுதிவைக்கும் உங்கள் பழக்கம் அப்போது தொடங்கியதுதான். கம்ப்யூட்டரில் அதே தேதி இருந்தாலும், நைட் ஷிப்டில் பையன்கள் திறந்து பார்ப்பது அந்தக் கதவைத்தான்.

25 ஆண்டுப் பணிக்கு ஒரு பவுன் தங்கக் காசும் சான்றிதழும் தருகிறோம். மூன்று நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் உண்டு. டிசம்பருக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருந்த இரண்டையும் பற்றி. காட்ஸ் ரூமில் பஃபிங் தூள் பறப்பதால் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று பலமுறை சொன்னீர்கள். இது முன்பே செய்திருக்க வேண்டியது, தாமதத்துக்கு வருந்துகிறேன். ஆர்டர் போட்டாகிவிட்டது, இந்த மாதக் கடைசியில் மாட்டிவிடுவார்கள். ஜூலை 1 முதல் இரண்டு டிரெய்னிகள் முழு நேரமாக உங்களிடம் இருப்பார்கள். ஆள் குறைகிறது என்று அவர்களை டாஃபிங்குக்கோ வேறு வேலைக்கோ இழுக்க மாட்டோம். ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பேரிங்கில் ஸ்க்ரூடிரைவரை வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பீர்களே, எந்தச் சத்தம் எண்ணெய் வற்றியது, எந்தச் சத்தம் பேரிங் போனது என்று, அதிலிருந்தே தொடங்குங்கள். அதை நோட்டில் எழுதிக் கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

அம்மாவையும் அக்காவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இன்று மாலை நான்கு மணிக்குக் கேன்டீனுக்கு வந்துவிடுங்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வேன் வரும். செகண்ட் ஷிப்ட்காரர்களும் வரலாம் என்று 4 முதல் 4:30 வரை ஆறு ஃபிரேமை நிறுத்தி வைக்கிறோம். எந்த ஆறு என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். டாஃப் நெருங்கியதாகப் பார்த்தால் நல்லது.

நன்றி அண்ணா.

அன்புடன்,
சரவணன்
மேலாளர், ரிங் ஃபிரேம் பராமரிப்பு