பங்குனி தீமிதிக்கு ஆள் வேணும், வாங்க! (சிரியம் மாரியம்மன் கோயில்)

அன்பான பெரியவங்களுக்கும், அக்கா அண்ணன் தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம். நம்ம ஆத்தா கோயில் திருவிழாவுக்கு மார்ச் 20 வெள்ளிக்கிழமை காப்பு கட்டுறோம், 29 ஞாயித்துக்கிழமை தீமிதி, 30 திங்கள் மஞ்சள் நீராட்டோட முடியுது. தேதி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், நான் எழுதுறது அதுக்கில்ல, ஆளுக்குத்தான்.

நேராவே சொல்லிடுறேனே. பூக்குழி பக்கத்துல நிக்கறதுக்கும் கரகத்துக்கு முன்னாடி ஆடறதுக்கும் நமக்கு என்னைக்குமே ஆள் குறைஞ்சதில்ல, அம்மா புண்ணியம். ஆனா போன வருஷம் சாயங்காலம் தீமிதி முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினதுக்கு அப்புறம் பின்கட்டுல பாத்தா பதினோரு அண்டாவும் அடிப்பிடிச்ச சோத்தோட அப்படியே கிடக்குது, தண்ணி டேங்க் காலி, கரண்டும் இல்ல, மோட்டார் போட முடியல, அங்க இருந்தது அறுபது வயசு தாண்டின நாலு அம்மாமார். டார்ச் வெளிச்சத்துல உக்காந்து தேங்காய் நாரை வச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேய்ச்சாங்க. யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லல. அதுல ஒருத்தங்களுக்கு மறுநாள் இடுப்பு புடிச்சுக்கிட்டு மஞ்சள் நீராட்டுக்கே வர முடியல. தப்பு எங்க மேலதான், அந்த வேலைக்குன்னு ஆள் போடவே இல்ல, யாராவது செய்வாங்கன்னு விட்டுட்டோம். இந்த வருஷம் அப்படி விடக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் போட்டு முன்கூட்டியே கேக்குறோம்.

முழு நாளும் வரணும்னு இல்ல. ரெண்டு மணி நேரம் வந்தாலும் போதும், ஆனா சொன்ன ரெண்டு மணி நேரத்துக்குக் கண்டிப்பா வந்துருங்க.

திருவிழாவுக்கு முன்னாடி

மார்ச் 15 ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு கோயில் மண்டபத்துல தொண்டர்கள் எல்லாரும் கூடுறோம், யாருக்கு எந்த வேலைன்னு அங்கதான் பிரிப்போம். டீயும் வடையும் உண்டு. ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவோம் (தலைவர் ஐயா பேச ஆரம்பிச்சா ஒன்றரை).

19 வியாழன் காலை 6 லருந்து 9 வரைக்கும் கோயில் கழுவி, மாவிலைத் தோரணம் கட்டணும், 10 பேர் வந்தா போதும். 22 ஞாயிறு காலை 7 மணிக்குப் பந்தல் போடுறோம், மூங்கில் தூக்க 15 பேர், ஏணி ஏறி பழக்கமுள்ளவங்க நாலு பேராவது வேணும். பிளஸ் டூ பசங்க தாராளமா வரலாம், ஆனா ஏணி மட்டும் வேணாம்பா.

25 புதன் சாயங்காலம் 5 மணிக்கு விறகு வருது. இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க. குழிக்கு காய்ஞ்ச புளிய மரக்கட்டைதான் போடுவோம், வீட்ல இருக்குற பழைய பலகை, கதவுச் சட்டம், பெட்டிக்கட்டை எதையும் காணிக்கையா கொண்டுவந்து போட்டுறாதீங்க. மனசு நல்ல மனசுதான், ஆனா அதுல இருக்குற ஆணி வேகாது, தணலுக்குள்ள பழுத்துக் கிடக்கும், மிதிக்கிறவங்க கால்ல ஏறும். அதனால இறக்குற ஒவ்வொரு கட்டையையும் கையால தடவிப் பாத்துதான் அடுக்கணும், 12 பேர் வேணும், அவசரப்படாத ஆளா இருந்தா ரொம்ப சந்தோஷம்.

27 வெள்ளி, பால்குடம்

அன்னைக்கு கவர்மெண்ட் லீவு, கூட்டம் கூடும். காலை 6 மணிக்கு ஆத்தங்கரைலருந்து ஊர்வலம் கிளம்பி 9 மணிக்கெல்லாம் கோயிலுக்கு வந்துரும். ரோட்டோரமா கயிறு பிடிச்சு நடக்க 20 பேர், தண்ணி ஊத்த 8 பேர். வெறுங்கால்ல நடக்கிறவங்களுக்கு 8 மணிக்கு மேல தார் ரோடு சுட ஆரம்பிச்சுரும், அதனால அவங்களுக்கு முன்னாடி வாளியில தண்ணி தெளிச்சுக்கிட்டே போற வேலைதான் அன்னைக்கு முக்கியமான வேலைன்னு நான் சொல்லுவேன், பசங்களுக்குப் பிடிச்ச வேலையும் அதுதான்.

28 சனி, ராத்திரி வேலை

அன்னைக்கு மதியம் 12:50க்கு எல்லா வேலையும் ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டு ஒரு விளக்கு ஏத்துறோம். 2025ல மண்டலே, சகாயிங் பக்கம் பூகம்பம் வந்தது அதே நாள் அதே நேரம். அங்க சொந்தபந்தத்த இழந்தவங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க, வர முடிஞ்சவங்க வாங்க.

சாயங்காலம் 4 மணிலருந்து காய் நறுக்குறது. இந்த வருஷம் 1500 பேருக்கு சாப்பாடுன்னு கணக்கு. வெங்காயம் 40 வீசை, பூசணிக்காய் 60 வீசை, உருளைக்கிழங்கு 30 வீசை, தேங்காய் 150. மலைச்சுப் போயிறாதீங்க, 30 பேர் உக்காந்தா பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும், பத்து பேர் உக்காந்தா விடிஞ்சிரும், அவ்வளவுதான் வித்தியாசம். வெங்காயத்த மட்டும் வெளி வராண்டாவுல வச்சிருக்கோம், போன தடவை மண்டபத்துக்குள்ள உரிச்சு, பஜனை பாட வந்தவங்க எல்லாம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே பாடினாங்க, பாக்கிறவங்க பக்தின்னு நினைச்சுக்கிட்டாங்க. நம்ம கோயிலுக்குப் பக்கத்துல இருக்குற பர்மாக்கார அக்காமார் அஞ்சாறு பேர் வருஷா வருஷம் தானா வந்து உக்காந்துடுறாங்க, பூசணித் தோல் சீவுறதுல அவங்க வேகத்துக்கு நம்மாளுங்க பக்கத்துலகூட நிக்க முடியாது. அவங்களுக்கு உக்கார நல்ல பாயா பாத்து முதல்ல போட்டுடுங்க.

ராத்திரி 11 லருந்து அடுப்படில 8 ஆம்பளைங்க, அண்டா தூக்குறதுக்கு. ராத்திரி வீட்டுக்குத் திரும்பறது சிரமம்னு தெரியும், ரங்கூன்லருந்து பாலம் தாண்டி வர்றவங்களுக்கு இன்னும் சிரமம், அதனால மண்டபத்துல தங்கிக்கலாம், பெண்களுக்குத் தனியா மாடி ரூம். கொசுவலை மட்டும் அவங்கவங்க கொண்டு வாங்க.

29 ஞாயிறு, தீமிதி

காலை 5 மணி: சக்தி கரகம் ஜோடிக்க ஆத்தங்கரைக்கு 10 பேர். விரதம் இருக்கறவங்க மட்டும்.

காலை 8 – 11: பூ கட்டுறது, பிரசாதம் பொட்டலம் போடுறது, செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறது. உக்காந்து செய்ற வேலைதான், முட்டி வலிக்கிற பெரியவங்க தயங்காம பேர் கொடுங்க. செருப்பு டோக்கனுக்கு மட்டும் கோபம் வராத ஆள் வேணும்.

காலை 11:30 – 3: அன்னதானம். பந்திக்கு 12 பேரா ரெண்டு செட், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திக்குவோம். சோறு, சாம்பார், பூசணிக் கூட்டு, உருளைக்கிழங்கு பொரியல், ரசம், மோர், பாயசம். ஒரு சின்ன வேண்டுகோள், நம்ம தெருக்காரங்களுக்கு ரெண்டு கரண்டி, தெரியாதவங்களுக்கு ஒரு கரண்டின்னு வேணாம். போன வருஷம் ஒரு வெளியூர்க்காரர் பாயசத்துக்கு டம்ளர நீட்டிக்கிட்டே இருந்தாரு, வாளி அவரைத் தாண்டிப் போயிருச்சு, நான் பாத்தேன், நான் போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டாரு.

காலை 11 மணிக்குக் குழில தீ வைக்கிறோம், 3:30க்கு தணல் தட்டி சமம் பண்ணி, 4:30க்கு கரகம் இறங்கும். தணல் தட்டுற 6 பேரும் பழைய ஆளுங்கதான், அதுக்குப் புதுசா யாரையும் எடுக்கல, மன்னிச்சுக்கோங்க. ஆனா கயிறு பிடிக்க 24 பேர், பால்குழிக்கு அந்தப் பக்கம் இறங்கி வர்றவங்கள கை கொடுத்து நடத்திக்கிட்டுப் போக 10 பேர் வேணும். இவங்க எல்லாரும் பருத்தி வேட்டி, கைலி, சட்டைதான் கட்டணும். நைலான், பாலியஸ்டர் வேணாம், பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும்.

முதலுதவிக்கு நர்ஸ், டாக்டர், மெடிக்கல் படிக்கிற பிள்ளைங்க யாராவது மூணு பேர் 4 லருந்து 7 வரைக்கும் இருந்தீங்கன்னா பெரிய உதவி. யாருக்காவது சுட்டுச்சுன்னா ஓடுற குளிர்ந்த தண்ணில 20 நிமிஷம் காட்டணும், பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வைக்கக்கூடாது, இதை எல்லா தொண்டருமே தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஏன்னா பற்பசையோட ஓடி வர்ற ஒரு மாமா எல்லா வருஷமும் இருக்காரு.

சாயங்காலம் 6 – 9: அண்டா கழுவ 20 பேர். இதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன். இளவட்டம் வேணும், ஆம்பளைப் பசங்க வேணும். தண்ணிக்குத் தனியா ரெண்டு டேங்க் நிரப்பி வைக்கிறோம், ஜெனரேட்டருக்கு டீசல் இப்பவே வாங்கி வச்சாச்சு, லைட்டும் உண்டு. கழுவுறவங்களுக்குன்னு முதல்லயே எடுத்து வச்ச சாப்பாடு இருக்கும், மிச்சம் மீதி கிடையாது. கமிட்டி ஆளுங்க அஞ்சு பேர் பேர் கொடுத்தாச்சு, நானும் கொடுத்திருக்கேன்.

30 திங்கள் காலை 7 லருந்து 10: பந்தல் பிரிக்க, குப்பை அள்ள 15 பேர். வேலைக்குப் போறவங்க கஷ்டம்தான், கடை வச்சிருக்கற அண்ணன்மார் கொஞ்சம் பாத்து உதவுங்க.

சில விஷயம்

காப்பு கட்டுன நாள்லருந்து முடியுற வரைக்கும் கோயில் வேலைக்கு வர்றவங்க கவுச்சி தொடாம வாங்க. காலைல தெருமுனைல மொஹிங்கா சாப்ட்டுட்டு வந்து "அது வெறும் நூடுல்ஸ்தானே"ன்னு சொல்லாதீங்க, அது மீன் குழம்புன்னு எல்லாருக்கும் தெரியும். ஞப்பியும் அதேதான். தொண்டர்களுக்குக் காலை டிபன் இட்லி, பொங்கல், கடலைப் பருப்பு போட்ட கிச்சடின்னு கோயில்லயே தர்றோம்.

தீட்டு, துக்க வீடுன்னு வர முடியாதவங்க மனசு சங்கடப்பட வேணாம், வெளி வேலை எவ்வளவோ இருக்கு, கேளுங்க.

தமிழ் பேசத் தெரிஞ்சு வாசிக்கத் தெரியாத பிள்ளைங்க நம்ம வீடுகள்ல நிறைய. தயவு செஞ்சு அம்மா அப்பா யாராவது இதைப் படிச்சுக் காட்டுங்க. பர்மாத் தமிழ்லயும் பர்மீஸ்லயும் வாய்ஸ் மெசேஜா வைபர் குரூப்லயும் போட்டிருக்கோம். ஜாதி, தெரு, ஊரு, கோயில் சந்தா கட்டினது கட்டாதது எதுவும் கேக்க மாட்டோம்.

பேர் கொடுக்க கோயில் ஆபீஸ்ல பச்சை அட்டை நோட்டு வச்சிருக்கோம், தினமும் சாயங்காலம் 5 லருந்து 7 வரைக்கும் யாராவது இருப்பாங்க, இல்லன்னா வைபர் குரூப்ல பேரு, எந்த நாள், எத்தனை மணிலருந்து எத்தனை மணி வரைக்கும்னு போட்டா போதும். 14 சனிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா 15 கூட்டத்துல பிரிக்க வசதியா இருக்கும். பேர் கொடுத்துட்டு வர முடியாம போச்சுன்னா ஒரு மெசேஜ் போட்டுருங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

காய் நறுக்க வர்றவங்க கத்தியோ அரிவாமனையோ கையோட கொண்டு வாங்க, கைப்பிடில பெயின்ட்டுல பேர் எழுதிருங்க. போன வருஷம் விட்டுட்டுப் போன மூணு அரிவாமனை இன்னும் ஸ்டோர் ரூம்ல தொங்குது, ஒண்ணு பித்தளைப் பூ வச்ச பழைய காலத்து அரிவாமனை, யாரோ பாட்டி வீட்டுச் சீதனம் மாதிரி இருக்கு, உங்களோடதான்னா வந்து வாங்கிக்கோங்க.

கோயில் கமிட்டிக்காக,
தொண்டர் வேலைக்குப் பொறுப்பா இருக்குற உங்க வீட்டுப் பிள்ளை